எம்சிஏடி குறைபாடுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்: நோய்நாள் உணவுத் திட்டம், ஓர் எளிய விளக்கம்

காய்ச்சல் கண்ட குழந்தை சாப்பிட மறுத்தால் நம் வீடுகளில் யாரும் பெரிதாகக் கலங்குவதில்லை. "லங்கணம் பரம ஔஷதம்", "வயிற்றைக் காயப்போட்டால் தானே சரியாகும்", "பசித்தால் அதுவே கேட்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நலமான குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த அறிவுரையால் பெரும்பாலும் கெடுதல் வருவதில்லை, ஏனெனில் ஓர் இரவு உணவில்லாமல் கழிந்தாலும் அவர்களுடைய உடல் தன் சேமிப்பை எடுத்துச் செலவிட்டுக்கொள்ளும். அந்தச் சேமிப்பைப் பயன்படுத்த இயலாத குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். கொழுப்பு அமில ஆக்ஸிஜனேற்றக் குறைபாடு என்ற பிறவிக் கோளாறுடன் பிறந்தவர்கள் அவர்கள்.

இக்கோளாற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "சர்க்கரை குறையும் நோய்", "கொழுப்பு சாப்பிடக் கூடாத நோய்" என்ற இரண்டு விளக்கங்களே பெரும்பாலும் காதில் விழுகின்றன. இரண்டிலும் சிறிதளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த விளக்கங்களை மட்டும் நம்பி ஒரு நோய்நாளைக் கையாண்டால் ஆபத்து நேரும். இக்கோளாறுகள் பல வகைப்படும். அவற்றில் பரவலாக அறியப்பட்ட ஒன்றான எம்சிஏடி குறைபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, நோயுற்ற நாளில் என்ன கொடுக்க வேண்டும், எப்போது மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும், எவற்றை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதில் வரும் எண்கள் திட்டம் எவ்வாறு உருவாகிறது என்பதைக் காட்டும் எடுத்துக்காட்டுகளே. ஒரு குழந்தைக்குரிய எண்களை அக்குழந்தையின் வளர்சிதை மாற்ற மருத்துவரும் உணவியல் நிபுணரும்தான் எழுதித் தர வேண்டும்.

## உணவு இல்லாத நேரத்தில் உடல் என்ன செய்கிறது

ஒரு பழைய விவசாயக் குடும்பத்தின் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்களையில் ஓர் அரிசிப்பானை இருக்கிறது, முற்றத்தில் ஒரு நெல்குதிர் இருக்கிறது. அன்றாடச் சோற்றுக்குப் பானையிலிருந்து அரிசியை எடுத்துக்கொள்ளலாம். பானை காலியானால் குதிரிலிருந்து நெல்லை எடுத்து, குத்தி, புடைத்து, அரிசியாக்கிய பிறகே உலை வைக்க முடியும். குதிரில் எவ்வளவு நெல் இருந்தாலும் குத்துவதற்கு வழியில்லையென்றால், பானை காலியான அன்றைக்கே வீடு பட்டினிதான்.

கல்லீரலில் உள்ள கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்துதான் உடலின் அரிசிப்பானை. உணவு உண்டு சில மணி நேரம் ஆனதும் இது கரைந்து குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கிறது. சிறு குழந்தையின் கல்லீரல் சிறியது, அதன் மூளையோ உடலின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. ஆகவே பெரியவர்களைவிடக் குழந்தைகளில் பானை விரைவில் காலியாகிவிடுகிறது.

அடுத்ததாக உடல் தன் நெல்குதிரான கொழுப்புச் சேமிப்பைத் திறக்கிறது. தோலடிக் கொழுப்பு கரைந்து, கொழுப்பு அமிலங்களாகப் பிரிந்து, இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைகிறது. அங்கே உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய ஆற்றல் உலைகளில், நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கார்பன் அணுக்களாக நறுக்கப்படுகிறது. கொழுப்பு அமில ஆக்ஸிஜனேற்றம் என்பது இதுவே. நறுக்கிய துண்டுகளிலிருந்து கல்லீரல் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரித்து மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கத் தேவையான ஆற்றலையும் இதே வேலையிலிருந்துதான் பெறுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், முதல் சில மணி நேரம் உடல் கிளைக்கோஜனில் ஓடுகிறது, பிறகு கொழுப்பில் ஓடுகிறது. நலமான குழந்தை உணவின்றி ஓர் இரவைக் கடப்பது இரண்டாவது வழியின் துணையால்தான்.

## எம்சிஏடி குறைபாட்டில் எந்த இடம் அடைபடுகிறது

சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து நறுக்கும் நொதிகள் மாறுகின்றன. மிக நீண்ட சங்கிலிகளுக்கு ஒரு நொதி, நடுத்தர நீளத்துக்கு மற்றொன்று, குறுகியவற்றுக்கு இன்னொன்று என வேலை கைமாறிக்கொண்டே போகிறது. நடுத்தர நீளச் சங்கிலிகளைக் கையாளும் நொதியின் சுருக்கப் பெயர்தான் எம்சிஏடி. இந்நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை இருக்கும் குழந்தைக்கு இக்குறைபாடு வருகிறது. தாயும் தந்தையும் பிழையுள்ள பிரதியை ஆளுக்கு ஒன்று சுமந்தபடி எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்வார்கள். அத்தகைய தம்பதியின் ஒவ்வொரு கருவுக்கும் இக்குறைபாடு வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய மரபு நோய்களுக்கான வாய்ப்பு கூடுவதும் இதனால்தான்.

குறைபாடுள்ள குழந்தை பசியிலோ காய்ச்சலிலோ கொழுப்பைக் கரைக்கத் தொடங்கியதும் இரண்டு கேடுகள் ஒரே வேளையில் நிகழ்கின்றன. கீட்டோனும் புதிய குளுக்கோஸும் போதிய அளவில் உருவாவதில்லை. பாதியில் நின்றுபோன நடுத்தரச் சங்கிலிகள் உயிரணுக்களில் தேங்கி, கல்லீரலையும் மூளையையும் நச்சுப்படுத்துகின்றன. குழந்தை வாந்தி எடுக்கிறது, சோர்ந்து துவள்கிறது, எழுப்பினாலும் எழாத உறக்கத்தில் ஆழ்கிறது, பிறகு வலிப்பும் நினைவிழப்பும் வரக்கூடும். இன்னதென்று தெரியாத நிலையில் முதல் நெருக்கடியிலேயே உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. இங்கிலாந்தில் 2009 முதல் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் இதற்கான பரிசோதனை நடக்கிறது. இந்தியாவில் அது எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாக இல்லாததால், ஒரு நெருக்கடிக்குப் பிறகே பெயர் தெரியவரும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன.

இவ்வளவு கடுமையான குறைபாடாக இருந்தும், நலமாக இருக்கும் நாட்களில் இக்குழந்தையை மற்றக் குழந்தைகளிலிருந்து வேறுபடுத்திப் பார்க்க முடியாது. வேளைக்கு உண்கிறது, ஓடுகிறது, வளர்கிறது. அன்றாட உணவில் சாதாரணக் கொழுப்பை நீக்க வேண்டிய அவசியமும் இல்லை. உண்ட கொழுப்பால் நெருக்கடி வருவதில்லை, உணவில்லாத நேரத்தில் உடல் தன் கொழுப்பைத் தானே கரைப்பதால்தான் வருகிறது.

இங்கே ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். எம்.சி.டி. எனப்படும் நடுத்தரச் சங்கிலி எண்ணெயும் அது சேர்த்த பால்மாவுகளும் இக்குழந்தைகளுக்கு ஆகாது, ஏனெனில் அவை அடைபட்ட இடத்துக்கே நேராகப் போய்ச் சேர்கின்றன. ஆனால் நீண்ட சங்கிலியைக் கையாளும் நொதி குறைபட்ட வேறு வகை நோய்களில் இதே எண்ணெய்தான் சிகிச்சையாகத் தரப்படுகிறது. "அவர்கள் குழந்தைக்கும் கொழுப்பு அமிலக் கோளாறுதான், அவர்கள் இதைத்தான் கொடுக்கிறார்கள்" என்று ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்தின் முறையைப் பின்பற்றக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயிலும் இவ்வகைக் கொழுப்பு ஓரளவு இருப்பதால், வீட்டுச் சமையலில் அதை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## சர்க்கரைமானியை நம்பிக் காத்திருக்கக் கூடாது

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்த வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். எம்சிஏடி குறைபாட்டில் இரத்தச் சர்க்கரை குறைவது தாமதமாக வரும் அறிகுறி. தேங்கிய நச்சுப் பொருள்கள் மூளையைப் பாதிக்கத் தொடங்கிய பிறகும் சர்க்கரை அளவு சில மணி நேரம் இயல்பாகவே இருக்கக்கூடும். குழந்தை துவண்டு கிடக்கையில் வீட்டுக் கருவி 80 என்று காட்டுகிறதென்றால், அந்த எண்ணை நம்பி ஆறுதல் அடையக் கூடாது. கருவியில் எண் சரிந்த பிறகு செயல்படுவது என்று முடிவெடுத்தால், நேரம் கடந்த பிறகே செயல்படுகிறோம்.

சிறுநீரில் கீட்டோன் இல்லையென்ற முடிவையும் இவ்வாறே தவறாகப் படிக்கிறார்கள். மற்றக் குழந்தைகளிடம் கீட்டோன் காணப்படாவிட்டால் அவர்கள் பெரிதாகப் பட்டினி கிடக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். இக்குழந்தையின் உடலோ கீட்டோனைச் சரிவர உருவாக்க இயலாதது. எனவே அதில் கீட்டோன் காணப்படாதது எந்த நிம்மதியையும் தருவதில்லை.

அப்படியானால் நோய்நாள் உணவின் குறிக்கோள் சர்க்கரையை உயர்த்துவது அன்று, உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்காமல் பார்த்துக்கொள்வதே. மாவுச்சத்து போதிய அளவில் உள்ளே போய்க்கொண்டிருந்தால் கணையம் இன்சுலினைச் சுரந்தபடி இருக்கும். இன்சுலின் இருக்கும்வரை கொழுப்பு கரைவது அடங்கியிருக்கும். ஆகையால் எவ்வளவு மாவுச்சத்து, எத்தனை மணிக்கு ஒருமுறை, அதில் எவ்வளவு வயிற்றில் தங்கியது என்ற மூன்றையுமே கணக்கில் வைக்க வேண்டும்.

## நலமான நாளின் இடைவெளி வேறு, நோய்நாளின் இடைவெளி வேறு

பிரிட்டனின் பரம்பரை வளர்சிதை மாற்ற நோய்களுக்கான மருத்துவர் குழு தந்துள்ள வழிகாட்டுதலின்படி, எம்சிஏடி குறைபாடுள்ள குழந்தை நலமாக இருக்கும்போது உணவில்லாமல் இருக்கக்கூடிய மிக நீண்ட இடைவெளி, பிறந்தது முதல் நான்கு மாதம் வரை 6 மணி நேரம், நான்கு மாதத்திலிருந்து 8 மணி நேரம், எட்டு மாதத்திலிருந்து 10 மணி நேரம், ஒரு வயதிலிருந்து 12 மணி நேரம். உங்கள் மருத்துவர் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

இந்த எண்களைச் சுவரில் ஒட்டி வைக்கும் குடும்பங்கள், "நலமாக இருக்கும்போது மட்டும்" என்ற சொற்களையும் பெரிய எழுத்தில் சேர்த்தே ஒட்ட வேண்டும். காய்ச்சலில் உடல் கூடுதல் ஆற்றலைச் செலவிடுவதால் அரிசிப்பானை விரைவில் காலியாகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தால் உண்டது சேருவதில்லை. நேற்று இரவு 12 மணி நேரம் நலமாக உறங்கிய குழந்தையை, இன்று காய்ச்சலோடு அதே அளவு நேரம் உறங்கவிட்டால் விடிவதற்குள் நெருக்கடியில் விழக்கூடும். நோய்நாளில் இந்த இடைவெளி இரண்டு மணி நேரமாகச் சுருங்குகிறது. இரவிலும் இதே கணக்குதான், உறங்கும் குழந்தையை எழுப்பியே கொடுக்க வேண்டும்.

## நோய்நாள் பானம்

நோய்நாளில் வழக்கமான உணவை விடுத்துக் கொடுக்கப்படுவது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் தூளை நீரில் கரைத்த பானம். பல குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த குறுஞ்சங்கிலிதான் மால்டோடெக்ஸ்ட்ரின். இதே அளவு குளுக்கோஸ் தூளைக் கரைத்தால் தித்திப்பு திகட்டிக் குழந்தை குடிக்க மறுக்கும். மேலும் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். மால்டோடெக்ஸ்ட்ரினில் இவ்விரண்டு தொல்லைகளும் குறைவு. வீட்டில் தூள் தீர்ந்துபோன நிலையில் சர்க்கரைக் கரைசலை இடைக்கால ஏற்பாடாகப் பயன்படுத்தலாமா, எவ்வளவு கரைக்க வேண்டும் என்பதையும் திட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அதே பிரிட்டிஷ் முறையில் செறிவு வயதைப் பொறுத்துக் கூடுகிறது. ஒரு வயது வரை 100 மி.லி. பானத்தில் 10 கிராம் மாவுச்சத்து, ஒன்று முதல் இரண்டு வயது வரை 15 கிராம், இரண்டு வயதுக்கு மேல் 20 கிராம், பத்து வயதளவில் 25 கிராம். ஒரு நாளைய மொத்த அளவு எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு முதல் 10 கிலோவில் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவில் கிலோவுக்கு 50 மி.லி. என்று கூட்டி, வரும் தொகையை 12 வேளைகளாகப் பிரிக்கிறார்கள்.

ஒன்றரை வயதும் 10 கிலோ எடையும் உள்ள ஒரு குழந்தைக்கு இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 1,000 மி.லி., செறிவு 15 சதவீதம். பன்னிரண்டால் வகுத்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை ஏறக்குறைய 85 மி.லி. ஒவ்வொரு வேளையிலும் 12 அல்லது 13 கிராம் மாவுச்சத்து உள்ளே போகும். கொடுத்தாக வேண்டிய அளவு இதுதான்.

கலக்கும்போது நேரும் பிழைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பதற்றமான இரவில் இங்கேதான் கை தவறுகிறது. தூளைக் கரண்டியால் அளப்பதைவிட, ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்வதே சரி. ஒரு கரண்டியில் தலைதட்டி எடுத்த தூளுக்கும் குவித்து எடுத்த தூளுக்கும் எடை வெகுவாக மாறுபடும். 200 மி.லி. பானம் வேண்டுமென்றால் 30 கிராம் தூளை அளவுக் குவளையில் இட்டு, 200 மி.லி. கோடு வரும்வரை கொதித்து ஆறிய நீரை ஊற்ற வேண்டும். 200 மி.லி. நீரை அளந்து அதில் தூளைக் கொட்டினால் மொத்த அளவு கூடிப் பானம் நீர்த்துவிடும். "கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும், சத்து சேரும்" என்று தூளைக் கூட்டுவதும் தவறு. மிகுந்த செறிவு வயிற்றுப்போக்கை உண்டாக்கிக் கொடுத்ததையும் வெளியேற்றிவிடும். கலந்த பானத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

## ஓ.ஆர்.எஸ்., இளநீர், கஞ்சித் தண்ணீர் போதாதா?

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்வழி நீரேற்றுக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டுக் குழந்தை அதை 85 மி.லி. குடித்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே கிடைக்கும். தேவையோ 12 கிராமுக்கு மேல். ஓ.ஆர்.எஸ். நீரிழப்பையும் உப்பிழப்பையும் ஈடுசெய்ய உருவாக்கப்பட்டது, அந்த வேலையை அது செவ்வனே செய்கிறது. ஆனால் கொழுப்பு கரைவதைத் தடுக்கும் அளவுக்கு அதில் மாவுச்சத்து இல்லை. வயிற்றுப்போக்கு கடுமையாக இருந்து உப்பும் தேவைப்பட்டால், ஓ.ஆர்.எஸ். கரைசலிலேயே மால்டோடெக்ஸ்ட்ரினைக் குறிப்பிட்ட அளவில் சேர்க்கும் முறையை உணவியல் நிபுணர் எழுதித் தருவார். வீட்டில் தோராயமாகக் கலந்து பார்க்கக் கூடாது.

இளநீரிலும் 100 மி.லி.க்குச் சில கிராம் சர்க்கரைதான் உண்டு. கஞ்சித் தண்ணீரின் செறிவு ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் அதைக் கணக்கில் எடுக்கவே இயலாது. சர்க்கரை சேர்க்காத பானங்கள் இந்நாளில் பயனற்றவை. குழந்தை விரும்பிக் கேட்டால் இட்லியோ சோறோ தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அது பானத்துக்கு மேலதிகமாகத்தான் இருக்க வேண்டும். "இரண்டு வாய் இட்லி சாப்பிட்டதே" என்று ஒரு வேளைப் பானத்தைத் தவிர்க்கக் கூடாது.

இதுவரை பார்த்தவற்றின் சாரம் இது: நோய்நாளில் குழந்தைக்கு நீரும் வேண்டும், மாவுச்சத்தும் வேண்டும். நீரை மட்டும் கொடுத்தால் நாக்கு ஈரமாக இருக்கும், ஆனால் உடல் கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும்.

## ஓர் இரவு எப்படிப் போகிறது

அதே ஒன்றரை வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். மாலை 5 மணிக்கு விளையாட்டில் நாட்டமில்லை, உடல் இலேசாகச் சுடுகிறது. நோயா, வெறும் சிணுங்கலா என்று தெரியவில்லை. சந்தேகம் எழுந்தாலே ஒரு வேளைப் பானத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. நோயில்லை என்று பிறகு தெரிந்தால் நட்டம் ஒரு வேளைப் பானம் மட்டுமே.

இரவு 7 மணிக்குக் காய்ச்சல் 101 பாரன்ஹீட், சோற்றைத் தட்டிவிடுகிறது. இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. முழுத் திட்டம் தொடங்குகிறது: 85 மி.லி. பானம், எடைக்கேற்ற பாராசிட்டமால், மருத்துவருக்குத் தொலைபேசியில் ஒரு தகவல். வீட்டில் இருப்பவர்களில் ஒருவர் பானத்தைக் கலக்கிக் கொடுக்கவும் மற்றொருவர் எழுதவும் பொறுப்பேற்றால் தடுமாற்றம் குறையும். எழுதும் தாளில் நேரம், கொடுத்த அளவு, குடித்த அளவு, வாந்தி, சிறுநீர், குழந்தையின் விழிப்பு நிலை என்று ஆறு பத்திகள் போதும்.

9 மணிக்கு 60 மி.லி. குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மீதி 25 மி.லி.யைச் சிறு சிறு மிடறாகக் கால் மணி நேரத்தில் ஊட்டி முடிக்கிறார்கள். 11 மணிக்கு எழுப்பிக் கொடுத்த பானம் ஐந்து நிமிடத்தில் வாந்தியாக வெளியேறுகிறது. பத்து நிமிடம் ஓய்வு கொடுத்துக் கரண்டியால் மெல்ல மெல்ல மறுபடி ஊட்டுகிறார்கள். அதுவும் தங்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது இத்துடன் முடிந்தது. ஒரு முறை வாந்தி எடுத்தால் மறுமுயற்சி, மறுமுயற்சியும் தோற்றால் மருத்துவமனை என்பதே பெரும்பாலான திட்டங்களில் உள்ள விதி. "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்தால், கடைசியாக வயிற்றில் தங்கிய 9 மணிப் பானத்துக்கும் காலை 6 மணிக்கும் இடையில் காய்ச்சலோடு 9 மணி நேரப் பட்டினி விழும். அவ்வளவு இடைவெளியைத் தாங்கும் இருப்பு அக்குழந்தையிடம் இல்லை.

வாந்தியே இல்லாவிட்டாலும் உடனே புறப்பட வேண்டிய நிலைகள் உண்டு. எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, தாயின் முகத்தை அடையாளம் காண்பதில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல், துவண்ட உடல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த வேளைப் பானத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. நினைவு மங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது, அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தமிழ்நாட்டில் 108 ஊர்தியை அழைப்பது, சொந்த வண்டியில் போவது ஆகியவற்றில் எது விரைவு என்பதை நலமான ஒரு நாளிலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

## அவசரகாலக் கடிதம்

நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் இந்நோயைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே படித்திருக்கக்கூடும். அது அவருடைய குறையன்று, நோயின் அரிய தன்மை அத்தகையது. வாயால் விளக்கும் பெற்றோரின் பதற்றத்தைவிட, வளர்சிதை மாற்ற மருத்துவர் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் அவரை விரைந்து செயல்பட வைக்கும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தடித்த கோப்பை அந்த நேரத்தில் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

முதல் வரியிலேயே நோயின் முழுப் பெயரும், "இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தாலும் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது" என்ற வாக்கியமும் இருக்க வேண்டும். அடுத்துக் குழந்தையின் எடையும், அந்த எடை பார்க்கப்பட்ட தேதியும். பிறகு முதல் பத்து நிமிடங்களில் செய்ய வேண்டியவை. சர்க்கரை குறைவாகவோ குழந்தை சோர்ந்தோ இருந்தால், 10 சதவீத குளுக்கோஸ் கரைசலைக் கிலோவுக்கு 2 மி.லி. வீதம் நரம்பு வழியே கொடுப்பது வழக்கம். நம் குழந்தைக்கு அது 20 மி.லி. அதைத் தொடர்ந்து தகுந்த உப்பு சேர்த்த 10 சதவீத குளுக்கோஸ் இடைவிடாமல் ஏற வேண்டும். எந்த வேகத்தில் என்பதைக் குழந்தையின் எடைக்குக் கணக்கிட்டு, மணிக்கு இத்தனை மி.லி. என்று எண்ணாகவே எழுதியிருக்க வேண்டும். சூத்திரத்தை மட்டும் எழுதினால் நள்ளிரவில் ஒருவர் அதைக் கணக்கிட வேண்டியிருக்கும், அங்கே பிழை நுழையும்.

எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகளான சர்க்கரை, உப்புகள், அமில-கார நிலை, அம்மோனியா, கல்லீரல் நொதிகள் ஆகியவற்றையும், முடிவுகள் வரும்வரை குளுக்கோஸை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதையும் கடிதம் சொல்ல வேண்டும். தவிர்க்க வேண்டிய மருந்துகளில் ஆஸ்பிரினும், வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட்டும் இடம்பெற வேண்டும். கடைசியில் எந்நேரமும் அழைக்கக்கூடிய மருத்துவரின் எண். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், வீட்டாருக்கான பானத் திட்டம் தமிழில் தனித் தாளில் இருக்கட்டும். தாத்தா, பாட்டி வீட்டிலும் பள்ளிப் பையிலும் வண்டியிலும் ஒவ்வொரு நகலும், கைப்பேசியில் ஒரு படமும் வைத்திருப்பது நல்லது.

## மருத்துவமனையில் வழி தவறும் இடம்

வாந்தியோடு வரும் குழந்தைக்கு வழக்கமாக ஏற்றப்படுவது சாதாரண உப்புக் கரைசல் அல்லது ரிங்கர் லாக்டேட். நீரிழப்புக்கு அவை சரியானவை, ஆனால் அவற்றில் குளுக்கோஸ் இல்லை. "குளுக்கோஸ் ஏற்றுகிறோம்" என்று சொல்லி, உப்பும் குளுக்கோஸும் கலந்த டி.என்.எஸ். பாட்டிலைத் தொங்கவிடுவதும் நடக்கிறது. அதிலுள்ள குளுக்கோஸ் 5 சதவீதம்தான். 10 கிலோ குழந்தைக்கு அன்றாட நீர்த்தேவையின் வேகமான மணிக்குச் சுமார் 42 மி.லி. என்ற கணக்கில் அதை ஏற்றினால், இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 4 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். அதே வேகத்தில் 10 சதவீதக் கரைசல் 8 கிராமுக்கு மேல் தரும். தேவைக்கேற்ப மருத்துவர் வேகத்தைக் கூட்டவும் செய்வார். ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, "குளுக்கோஸ் ஏறுகிறதா?" என்பதன்று. "இது எத்தனை சதவீதம், மணிக்கு எத்தனை மி.லி.?" என்பதே. பாட்டிலின் மீது எண் அச்சிடப்பட்டிருக்கும், நாமே படித்துக்கொள்ளலாம்.

வீட்டருகே உள்ள மருத்துவமனையில் டெக்ஸ்ட்ரோஸ் என்றும் சொல்லப்படும் 10 சதவீத குளுக்கோஸ் எந்நேரமும் இருப்பில் இருக்குமா, குழந்தையின் சிறிய நரம்பில் ஊசி போடத் தெரிந்தவர் இரவுப் பணியில் இருப்பாரா என்பவற்றை முன்கூட்டியே நேரில் சென்று விசாரித்து, கடிதத்தின் ஒரு நகலை அங்கேயே கொடுத்துவிட்டு வரலாம். அறுவைச் சிகிச்சைக்கோ ஸ்கேனுக்கோ "வெறும் வயிற்றில் வாருங்கள்" என்று சொல்லப்படும் நாளிலும் இதே கடிதம் வேண்டும். அந்தப் பட்டினி நேரத்தை நரம்பு வழிக் குளுக்கோஸால் ஈடுகட்ட ஏற்பாடு செய்யாமல் தேதி குறிக்கக் கூடாது.

## பழைய உணவுக்குத் திரும்புதல்

காய்ச்சல் இறங்கியதும் பானத்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. குழந்தை பழையபடி உண்ணத் தொடங்கும்வரை உணவோடு உணவாகப் பானமும் தொடர வேண்டும். பகலில் உணவு சீரடைந்த பிறகும், இரவு படுக்கும் முன்னும் நள்ளிரவிலும் ஒவ்வொரு வேளை கொடுப்பதை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாமல் இருப்பது பாதுகாப்பு. பானத்தில் புரதமோ கொழுப்போ இல்லாததால், பானத்தை மட்டுமே உணவாகக் கொண்டு ஒன்றிரண்டு நாட்களுக்கு மேல் தள்ளக் கூடாது. 48 மணி நேரத்துக்குப் பிறகும் குழந்தை வழக்கமான உணவை ஏற்காவிட்டால் மருத்துவரை மறுபடி அழைக்க வேண்டும்.

குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கிய பின் பெற்றோருக்கு இரண்டு வேலைகள் மிஞ்சும். தூள் எவ்வளவு மீதமிருக்கிறது, அதன் காலாவதித் தேதி என்ன என்று பார்த்து இரண்டு நாளைக்குப் போதுமான இருப்பை நிரப்ப வேண்டும். குழந்தையை எடை பார்த்து, கடிதத்திலுள்ள எடையோடு ஒப்பிட வேண்டும். ஒன்றரை வயதில் 10 கிலோவுக்கு எழுதிய 85 மி.லி., 15 சதவீதம் என்ற கணக்கு, குழந்தைக்கு இரண்டு வயது முடிந்து எடை 12 கிலோ ஆகும்போது 90 மி.லி., 20 சதவீதம் என்று மாறியிருக்கும். வேளைக்கு ஐந்து மி.லி. கூடியது சிறிதாகத் தோன்றினாலும், செறிவும் சேர்ந்து மாறுவதால் மாவுச்சத்து 13 கிராமிலிருந்து 18 கிராமாக உயர்கிறது. பழைய தாளைக் கிழித்துவிட்டு, பாட்டி வீட்டில் இருக்கும் நகல் உட்பட எல்லா நகல்களையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும்.